ஸ்ட்ராபெர்ரி மச்சம்: காத்திருக்கலாமா, கூடாதா?

பிறந்த அன்று குழந்தையின் உடம்பில் சிறு புள்ளிகூட இருந்திருக்காது. இருந்தாலும் வெளிறிய ஒரு திட்டோ, கன்றிப்போனது போன்ற லேசான தடமோதான் தெரிந்திருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அதே இடத்தில் சிவப்பு தட்டும். அடுத்த சில வாரங்களில் அது தோலைவிட்டு மேலெழும்பி, மேற்பரப்பு சொரசொரவென்று, கோவைப்பழச் சிவப்பில் நிற்கும். ஒன்றரை மாத ஊசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, வரிசையில் நிற்பவர்களெல்லாம் “இது என்னம்மா?” என்று கேட்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

கேள்வி ஒன்றுதான் என்றாலும் பதில்கள் பலவாக வரும். “கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?” என்பார் பாட்டி. “எங்க அக்கா பொண்ணுக்கும் இருந்துச்சு, தானாப் போயிடுச்சு” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். “பயப்படாதீங்க, மறைஞ்சிடும்” என்று மருத்துவரும் சொல்லி அனுப்பலாம். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மற்ற இருவர் சொல்வது பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தும். ஆனால் சில குழந்தைகளுக்குப் பொருந்தாது. அந்தச் சிலரில் நம் குழந்தையும் ஒன்றா என்பதை முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்குப் பிறகு தெரிந்துகொண்டால் பாதிப் பயன்தான்.

என்ன இது?

பேச்சுவழக்கில் மச்சம் என்றாலும், கறுப்பு மச்சத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவராக அமையும் செல்கள் ஓரிடத்தில் வேகமாகப் பெருகுவதால் உண்டாகும் கட்டி. மருத்துவர்கள் ஹீமாஞ்சியோமா என்பார்கள். கட்டி என்றதும் புற்றுநோயை நினைக்க வேண்டாம். இது புற்றுநோய் அல்ல. பின்னாளில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் தீங்கற்ற கட்டிகளில் மிகச் சாதாரணமானது இதுதான். மேலைநாட்டு ஆய்வுகளின்படி நூறு குழந்தைகளில் நான்கு, ஐந்து பேருக்கு இது வருகிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு அதிகம். குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைவாகப் பிறந்தவர்கள், இரட்டையர் ஆகியோருக்கும் வாய்ப்பு கூடுதல்.

இந்தச் செல்களின் மேல் ‘குளூட்-1’ என்ற புரதம் இருப்பதை அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் பாலா நார்த்தும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் காட்டினார்கள். தோலில் உள்ள சாதாரண ரத்தக் குழாய்களில் இது காணப்படுவதில்லை. நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்களில் காணப்படுகிறது. பிறப்பதற்கு முன்பும் பிறக்கும்போதும் திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதும் இந்தச் செல்களைத் தூண்டுகிறது என்ற கருத்து உண்டு. நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்த கர்ப்பங்களில் பிறந்த குழந்தைகளிடம் இது கூடுதலாகத் தென்படுவது அந்தக் கருத்துக்கு வலு சேர்க்கிறது. கர்ப்ப காலத்தில் தாய் என்ன சாப்பிட்டார், எதைப் பார்த்துப் பயந்தார் என்பதற்கெல்லாம் இதில் பங்கில்லை. தாயைக் குற்றவாளி ஆக்கும் எந்த விளக்கத்தையும் வீட்டில் அனுமதிக்க வேண்டாம்.

எல்லா ஹீமாஞ்சியோமாவும் சிவப்பாக இருப்பதில்லை. தோலின் மேலடுக்கில் இருப்பது சிவப்பாகத் தெரியும். தோலுக்கு அடியில் இருப்பது நீலம் ஓடிய மெத்தென்ற வீக்கமாகத் தெரியும்; மேல்தோல் இயல்பான நிறத்திலேயே இருக்கலாம். சில குழந்தைகளுக்கு இரண்டும் கலந்திருக்கும். ஆழத்தில் இருப்பது கண்ணில் படுவதே தாமதமாகத்தான். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்கூட முதன்முறையாகத் தெரியவரலாம்.

வளர்ச்சியும் தேய்வும்

இந்த மச்சம் எந்த வாரத்தில் எவ்வளவு வளர்கிறது என்பது வெகுகாலம் துல்லியமாகத் தெரியாமல் இருந்தது. காரணம் எளிமையானது: மருத்துவரிடம் வருவதற்குள் அது வளர்ந்துவிட்டிருக்கும். மேகா டோலெஃப்சன், ஐலோனா ஃபிரீடன் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெற்றோர்கள் ஆசையாக எடுத்துவைத்திருந்த குழந்தைப் படங்களைத் தேதிவாரியாக வாங்கி அடுக்கிப் பார்த்தார்கள். 2012-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரை யோசிக்கவைத்தது. வளர்ச்சி மிக வேகமாக நடப்பது ஐந்தரை வாரத்துக்கும் ஏழரை வாரத்துக்கும் இடையில். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒன்றரை மாத ஊசி போடும் சமயம்.

மேலோட்டமான மச்சங்களில் பெரும்பாலானவை மூன்று மாதம் முடியும்போதே தம் முழு அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகின்றன. ஐந்து மாத அளவில் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். ஆழத்தில் உள்ளவை மட்டும் ஒன்பது மாதம், ஒரு வயது வரைகூட மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும்.

பிறகு சில மாதங்கள் ஏறாமலும் இறங்காமலும் இருக்கும். அதற்கப்புறம் தேய்வு தொடங்கும். முதல் அறிகுறி நிறத்தில்தான் தெரியும். பளிச்சென்ற சிவப்பு மங்கி, நடுவில் சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றும். அந்தச் சாம்பல் மெல்ல விரிந்து விளிம்பை நோக்கிப் போகும். தொட்டால் முன்பிருந்த இறுக்கம் இருக்காது. பிறகு தட்டையாகும். வளர்வதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொண்ட மச்சம் தேய்வதற்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஐந்து வயதில் பாதிப் பேருக்கு, ஏழு வயதில் 70 சதவீதம் பேருக்கு, ஒன்பது வயதில் 90 சதவீதம் பேருக்கு மறையும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். புதிய ஆய்வுகளின்படி, பெரும்பாலான மச்சங்களில் தேய்வு வேலை நான்கு வயதுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எஞ்சியிருப்பது பெரிதாக மாறுவதில்லை.

‘எஞ்சியிருப்பது’ என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். மச்சம் தேய்ந்துவிடும் என்றால் தோல் பழையபடி ஆகிவிடும் என்று பொருளில்லை. சிகிச்சை ஏதும் பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு தடம் நிலைத்துவிடுகிறது. அது மெல்லிய சிவப்பு நரம்புக் கோடுகளாக இருக்கலாம். சுருங்கித் தளர்ந்த தோலாக இருக்கலாம். கொழுப்பு போன்ற மெத்தென்ற மேடாகவும் இருக்கலாம். எந்த மச்சம் தடம் விடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்க அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். சரிவாக இறங்கித் தோலோடு கலந்துவிடும் மச்சம் பெரும்பாலும் நல்லபடியாகத் தேயும். படிக்கட்டு போலச் செங்குத்தாக எழும்பி, தடித்து நிற்கும் மச்சம் தடம் விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். முதுகிலோ வயிற்றிலோ அப்படி ஒரு தடம் இருந்தால் யாருக்கும் கவலையில்லை. மூக்கு நுனியில் இருந்தால் கதை வேறு.

‘சும்மா இருங்கள்’ என்ற அறிவுரை பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாடுகளில் மருத்துவர்கள் இந்த மச்சத்தைச் சும்மா விடவில்லை. வெட்டி எடுத்தார்கள், சுட்டுத் தீய்த்தார்கள், ரேடியம் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இங்கிலாந்து மருத்துவர் டபிள்யூ. ஏ. லிஸ்டர் சிகிச்சை எதுவும் தராமல் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 1938-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தைப் பருவத்தில் வேகமாக வளரும் இந்த மச்சங்கள் தாமாகவே மறைகின்றன என்பதே அவர் கண்டது.

அவர் சொன்னதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம், கோதென்பர்க் நகரங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பின்னும் பல ஆண்டுகள் ரேடியம் சிகிச்சை தரப்பட்டது. அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகும் ஆய்வாளர்கள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். மார்பகம், தைராய்டு போன்ற இடங்களில் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு அங்கே புற்றுநோய் அபாயம் கூடியிருந்தது. தானாகப் போகக்கூடிய ஒன்றுக்காகக் கொடுத்த விலை அது. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ‘தொடாமல் விடுங்கள், போய்விடும்’ என்பது மருத்துவக் கல்லூரிப் பாடமாயிற்று. பல மருத்துவர்கள் இன்றும் அதையே சொல்வதற்கு இந்த வரலாறு காரணம். ஆனால் அந்தப் பாடம் எழுதப்பட்ட காலத்தில் கையில் நல்ல மருந்து இல்லை. இப்போது இருக்கிறது.

எந்த இடத்தில் காத்திருக்கக் கூடாது?

மச்சத்தின் அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் முக்கியம். முழங்கையில் ஒரு ரூபாய் நாணய அளவில் இருப்பது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மேல் இமையில் பட்டாணி அளவில் இருப்பது குழந்தையின் பார்வையைப் பறிக்கலாம்.

முதலில் கண். பிறந்த சில மாதங்களில்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. இமை தொங்கி ஒரு கண்ணை மறைத்தால், அல்லது கட்டியின் அழுத்தத்தால் கருவிழியின் வளைவு மாறினால், அந்தக் கண் அனுப்பும் மங்கலான காட்சியை மூளை ஒதுக்கத் தொடங்கிவிடும். இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். பிறகு மச்சம் முழுதாக மறைந்தாலும் பார்வை தானாகத் திரும்பி வராது.

அடுத்து சுவாசப் பாதை. தாடி வளரும் இடங்களில், அதாவது தாடை, மோவாய், கீழுதடு, கழுத்தின் முன்புறம் ஆகியவற்றில் பரவலாக மச்சம் இருந்தால், உள்ளே மூச்சுக்குழாயிலும் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கக்கூடும். அதன் அறிகுறி ஒலியில் தெரியும். மூச்சை உள்ளிழுக்கும்போது கர்கர் என்றோ கீச்சென்றோ சத்தம் வரும், அழுகை கம்மிப்போகும். சளி என்று நினைத்து நீராவி பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூக்கு நுனி, உதடு, காது ஆகியவற்றில் வருபவை உறுப்பின் வடிவத்தையே மாற்றிவிடலாம். முகத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஒரு பட்டை போலப் பரவும் மச்சம் இருந்தால், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் கண்ணிலும் பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் பெரிதாக இருந்தால், தண்டுவடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மச்சங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கல்லீரலிலும் இருக்கிறதா என்று வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வார்கள்.

புண்ணானால்

பெற்றோரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஈரமும் உராய்வும் உள்ள இடங்களான உதடு, கழுத்து மடிப்பு, அக்குள், டயப்பர் கட்டும் பகுதி ஆகியவற்றில் வளரும் மச்சம் நான்கு மாத வாக்கில் புண்ணாகலாம். புண்ணாகப்போகிறது என்பதற்கு ஒரு முன்னறிகுறி உண்டு. இரண்டரை, மூன்று மாதத்திலேயே சிவப்பின் நடுவில் வெளுத்துக் காட்டும். தேய்வு தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. உண்மையான தேய்வு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. மூன்று மாதத்துக்குள் வரும் வெளுப்பு பெரும்பாலும் புண்ணுக்கான எச்சரிக்கை.

புண் வந்தால் வலி கடுமையாக இருக்கும். குழந்தை பால் குடிக்காது, தூங்காது, ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் வீறிடும். ஆறினாலும் வடு நிச்சயம் என்றே சொல்லலாம். அந்த இடத்தைச் சாதாரண உப்பு நீரால் மெல்லக் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத துணிக்கட்டு போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். மஞ்சள், சாம்பல், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. சூடு வைக்கும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு; தேய்ந்து போகக்கூடிய மச்சத்தை ஆயுளுக்கும் மறையாத வடுவாக மாற்றுவது அது.

நகம் பட்டு ரத்தம் வந்தால் என்ன செய்வது என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும். பீறிட்டு அடிக்கும் ரத்தப்போக்கு அரிது. சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்திலிருந்து பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதய மாத்திரை தந்த திருப்பம்

2008 வரை, ஆபத்தான மச்சங்களுக்கு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. மாதக்கணக்கில் கொடுத்தால் முகம் ஊதும், ரத்த அழுத்தம் ஏறும், வளர்ச்சி தடைபடும். பிரான்சின் போர்தோ நகரில் மூக்கில் மச்சம் இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது இதயத் தசை தடிக்கும் கோளாறு வந்தது. அந்தக் கோளாறுக்காக மருத்துவர்கள் புரோப்ரனலால் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரப்படும் பழைய மருந்து அது. மறுநாளே மச்சத்தின் கடுஞ்சிவப்பு ஊதா நிறத்துக்கு மாறி, கட்டி இளகியிருந்தது. தோல் மருத்துவர் கிறிஸ்டின் லியோத்தே-லாப்ரேஸ் அதைத் தற்செயல் என்று ஒதுக்கவில்லை. வேறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். மொத்தம் 11 குழந்தைகளின் அனுபவத்தை 2008 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சிறு கடிதமாக வெளியிட்டார். உலகெங்கும் சிகிச்சை முறை அதன் பிறகு மாறியது.

பிறகு 460 குழந்தைகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. ஆறு மாதம் புரோப்ரனலால் பெற்ற குழந்தைகளில் 60 சதவீதம் பேருக்கு மச்சம் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் அப்படி ஆனவர்கள் 4 சதவீதம் மட்டுமே. மருந்து நன்றாக வேலை செய்வது மச்சம் வளர்ந்துகொண்டிருக்கும்போது தொடங்கினால்தான். அதனால்தான் ஆபத்தான மச்சமுள்ள குழந்தையை ஒரு மாத வயதிலேயே நிபுணரிடம் காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது.

இரண்டு குழந்தைகள்

இரண்டு குழந்தைகளை வைத்துப் பார்த்தால் விளங்கும். இருவருக்கும் வயது ஆறு வாரம், எடை நான்கு கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் குழந்தைக்குத் தோளுக்குப் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில், சரிவான விளிம்போடு ஒரு மச்சம். வேறெங்கும் இல்லை. மருத்துவர் அளந்து குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவரச் சொல்வார். இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி போட வரும்போது மறுபடி பார்ப்பார். அதுவே போதும். சில வேளை, கண் அழுத்த நோய்க்குப் பயன்படும் டைமலால் சொட்டு மருந்தை மச்சத்தின் மேல் தடவச் சொல்லலாம். மெல்லிய, சிறிய, புண்ணில்லாத மச்சத்துக்கு மட்டுமே அது பொருந்தும். தோல் வழியே ரத்தத்தில் கலக்கக்கூடியது என்பதால் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. ஒரு வயதில் மங்கத் தொடங்கும், மூன்று நான்கு வயதில் தேடினால்தான் தெரியும்.

இரண்டாவது குழந்தைக்கு இடது மேல் இமையில் மச்சம். இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த படத்தில் கண் முழுதாகத் திறந்திருந்தது. இப்போது பாதிதான் திறக்கிறது. இந்தக் குழந்தையைக் கண் மருத்துவரும் தோல் மருத்துவரும் அந்த வாரமே பார்க்க வேண்டும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து, இதயக் கோளாறோ வீசிங்கோ இல்லை என்று உறுதியானால் புரோப்ரனலால் தொடங்குவார்கள். வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமில் ஆரம்பித்து, படிப்படியாக இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம் வரை ஏற்றுவார்கள். நான்கு கிலோ குழந்தைக்குத் தொடக்க அளவு நாளுக்கு நான்கு மில்லிகிராம். இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு இரண்டு. பெரியவர்களின் பத்து மில்லிகிராம் மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்கு. கண்மதிப்பில் உடைத்துக் கொடுக்கும் மருந்தல்ல இது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. மருத்துவர் தரும் அளவில், ஊசிக்குழாயால் அளந்து கொடுக்க வேண்டும். எடை கூடக்கூட அளவையும் அவர் மாற்றுவார்.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: பால் குடிக்காமல் மருந்து இல்லை. வெறும் வயிற்றில் இந்த மருந்து ரத்தத்தில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று குழந்தை பால் குடிப்பதைக் குறைத்தால் அன்றைக்கு மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும். குழந்தை வியர்த்து, நடுங்கி, எழுப்ப முடியாமல் துவண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இழுப்பு வந்தாலும் மருந்தை நிறுத்த வேண்டும். கை கால் சில்லிடுவதும் தூக்கம் கலைவதும் அடிக்கடி நடப்பவைதான்; அவற்றுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம்.

பெரும்பாலும் சில நாட்களிலேயே மச்சம் இளகும், நிறம் மங்கும். இமை மேலே எழும்பும். ஆனாலும் குறைந்தது ஆறு மாதம், பல வேளைகளில் ஒரு வயது வரை மருந்து தொடரும். மச்சம் சுருங்கிவிட்டதே என்று மூன்றாவது மாதத்தில் நிறுத்தினால் அது மறுபடி வளரத் தொடங்கலாம். கண் மருத்துவர் இடையிடையே பார்வையைச் சோதித்துக்கொண்டே இருப்பார். இந்தக் குழந்தையை ஆறு மாதத்தில் முதன்முறையாகக் கொண்டுபோயிருந்தால் மச்சம் அப்போதும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். பார்வையைப் பற்றி அதே உறுதியோடு யாரும் பேசியிருக்க முடியாது.

சிவப்பெல்லாம் இதுதானா?

இல்லை. பிறக்கும்போதே முழு வளர்ச்சியோடு இருந்து, பிறகு வளராத கட்டிகள் வேறு வகை. தட்டையாக, கருஞ்சிவப்பாக, பிறந்த அன்றே முகத்தில் பரவியிருப்பது ஒயின் நிறக் கறை. அது தேயாது, குழந்தை வளர வளர அதுவும் கூடவே விரியும். பிடரியிலும் நெற்றியிலும் இமையிலும் வெளிர்சிவப்பாகத் தெரிந்து, குழந்தை அழும்போது அடர்வது முற்றிலும் சாதாரணம். ஸ்ட்ராபெர்ரி மச்சத்துக்கு அடையாளம் அதன் நடத்தைதான்: பிறந்தபோது இல்லை அல்லது லேசாக இருந்தது, சில வாரங்களில் எழும்பியது, வேகமாக வளர்ந்தது. கல்லைப் போலக் கெட்டியாகவோ, ஒரு வயதுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டோ இருந்தால் அது வேறு ஏதாவதாக இருக்கக்கூடும், பரிசோதிக்க வேண்டும்.

நான்கு வயதுக்கு மேல் தடம் எஞ்சினால் அதற்கும் வழியுண்டு. சிவப்புக் கோடுகளை லேசரால் மங்கச் செய்யலாம். தொங்கும் தோலையும் கொழுப்பு மேட்டையும் சிறு அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். மற்ற பிள்ளைகளின் கேலி குழந்தைக்குப் புரியத் தொடங்கும் வயதுக்கு முன், பள்ளியில் சேர்க்கும் சமயத்தில் இதை முடிவுசெய்வது நல்லது.

கைக்குழந்தையின் உடம்பில் புதிதாகச் சிவப்பு எழும்பினால் இன்றே அளவுகோல் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது கண், மூக்கு, உதடு, தாடி வளரும் பகுதி, டயப்பர் பகுதி, இடுப்புக்குக் கீழே ஆகிய இடங்களில் இருந்தாலோ, முகத்தில் பரவலாக இருந்தாலோ, எண்ணிக்கையில் ஐந்தைத் தொட்டாலோ ஒன்றரை மாத ஊசி வரை பொறுக்க வேண்டாம். முதல் மாதத்திலேயே குழந்தைத் தோல் மருத்துவரிடமோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ காட்டுங்கள். வேறு இடத்தில் சிறிதாக ஒன்று மட்டும் இருந்தால், ஊசி போடும் நாளில் மருத்துவரிடம் காட்டி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிம்மதியாகக் காத்திருக்கலாம்.